ஏறும்போது வாங்கி இறங்கும்போது விற்றுவிடாமல் இருக்க: மியூச்சுவல் ஃபண்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் வந்தன. திங்கட்கிழமை, ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி 50 குறியீடு ஒரே நாளில் 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,264-ல் முடிந்தது. செவ்வாய் வாக்கு எண்ணிக்கை. நடுப்பகலில் 8 சதவீதத்துக்கு மேல் சரிந்து, கடைசியில் ஏறத்தாழ 6 சதவீத இறக்கத்தோடு 21,884-ல் நின்றது. வெள்ளிக்கிழமை அதே குறியீடு 23,290.

இந்த ஐந்து நாட்களில், "எல்லோரும் சம்பாதிக்கிறார்கள், நாம் மட்டும் வெளியே நிற்கிறோமே" என்று திங்களன்று ஒரு லட்சம் ரூபாயை, அந்தப் பங்குகளையே வாங்கி வைக்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டவர், செவ்வாயன்று பயந்து விற்றிருந்தால் ஏறத்தாழ 94,070 ரூபாய் வந்திருக்கும். சீக்கிரம் விற்றால் பிடிக்கும் கட்டணமான எக்ஸிட் லோடு 1 சதவீதம் உள்ள திட்டமாக இருந்தால் 93,130. ஒன்றும் செய்யாமல் இருந்தவரிடம் வெள்ளி மாலை 1,00,100 ரூபாய் இருந்திருக்கும். திங்களன்று வாங்க வைத்தது வாய்ப்பு போய்விடுமோ என்ற பதற்றம். செவ்வாயன்று விற்க வைத்தது நஷ்டத்தின் வலி. லாபம் தரும் சந்தோஷத்தைவிட அதே அளவு நஷ்டம் தரும் வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறு சதவீத இறக்கம் மனதுக்குப் பன்னிரண்டு சதவீதமாகத் தெரியும்போது கை தானாக "ரிடீம்" பொத்தானுக்குப் போகும்.

மன உறுதியை மட்டும் நம்பி இதைத் தடுக்க முடியாது. உறவுக்காரர்கள் சிலருக்குக் கணக்குத் திறந்து கொடுக்க அலைந்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: எந்தத் தேதியில் வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது விற்பது என்ற மூன்றையும் சந்தை அமைதியாக இருக்கும் நாளிலேயே முடிவுசெய்து, அந்த முடிவை வங்கி ஆணையாகவும் காகிதமாகவும் மாற்றி வைத்துவிட வேண்டும். அதற்கான வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

1. சந்தைக்குப் போகக் கூடாத பணத்தை முதலில் பிரியுங்கள்

இறக்கத்தில் விற்பவர்கள் எல்லோரும் பயந்து விற்பதில்லை. பலர் வேறு வழியில்லாமல் விற்கிறார்கள். 2020 மார்ச்சில் சந்தை விழுந்த அதே வாரங்களில்தான் ஊரடங்கு வந்து பலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்கு வேலையே போனது. வீட்டு வாடகைக்கே ஃபண்டை விற்க வேண்டிய நிலையில் இருப்பவரிடம் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்லிப் பயனில்லை.

அதனால் ஆறு மாத வீட்டுச் செலவை வங்கி வைப்பிலோ, குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் லிக்விட் ஃபண்டிலோ தனியாக வையுங்கள். மாதம் 30,000 ரூபாய் செலவென்றால் 1,80,000. வங்கி வைப்பை முதிர்வுக்கு முன் உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், அது பெரிய இழப்பில்லை. லிக்விட் ஃபண்டில் விற்ற பணம் பொதுவாக அடுத்த வேலைநாளில் வந்துவிடும்.

அப்புறம், அடுத்த ஐந்து வருடத்துக்குள் தேதி தெரிந்த செலவுகளை எழுதுங்கள்: கல்லூரிக் கட்டணம், கல்யாணம், வீட்டுக்கான முன்பணம். அந்தப் பணமும் பங்குச்சந்தை ஃபண்டுக்குப் போகக் கூடாது. மூன்று வருடம் போதும் என்பவர்கள் உண்டு. புதியவருக்கு ஐந்து என்பதே என் கருத்து. இவற்றை ஒதுக்கிய பிறகு மிச்சம் ஒன்றுமில்லை என்றால் இப்போது முதலீட்டைத் தொடங்க வேண்டாம்.

2. ஆவண வேலையை அவசரமில்லாத மாதத்தில் முடியுங்கள்

சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது, உங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி போட ஆரம்பித்தால், அது முடிவதற்குள் தினமும் விலை ஏறுவதைப் பார்த்துப் பார்த்துப் பதற்றம் கூடும். கணக்குத் திறந்த அன்றே, காத்திருந்த நாட்களுக்கெல்லாம் ஈடுகட்டுவதுபோல மொத்தப் பணத்தையும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் அந்த இடைவெளியில் "கேஒய்சி எல்லாம் வேண்டாம், எங்களிடம் அனுப்புங்கள்" என்று சொல்லும் டெலிகிராம் குழுவில் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களிடம் ஆலோசனை என்று பேசுகிறவருக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு எண் இருக்க வேண்டும். முதலீட்டு ஆலோசகர் என்றால் அது INA என்றும், ஆய்வாளர் என்றால் INH என்றும் தொடங்கும். செபியின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தேவையானவை: பான் அட்டை, ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி எண், பெயர் அச்சிட்ட ரத்துசெய்த காசோலை அல்லது வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கையெழுத்து, நாமினியின் விவரம். பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் சிக்குவது இனிஷியலில்தான். ஆதாரில் "S. கவிதா", பான் அட்டையில் அப்பா பெயரை முழுதாக விரித்து "கவிதா சுந்தரம்", வங்கியில் "கவிதா S" என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக இருக்கும். கணினி இதை மூன்று ஆளாகப் பார்த்தால் விண்ணப்பம் அப்படியே நிற்கும். முதலில் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் பானில் உள்ளபடி திருத்திவிட்டு, பிறகு கேஒய்சிக்குப் போங்கள். வங்கியில் திருத்த கிளைக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம்.

முடிந்ததும் கேஒய்சி நிலை என்ன என்று பாருங்கள். Validated என்று இருந்தால் எந்த ஃபண்டு நிறுவனத்திலும் மேற்கொண்டு ஆவணம் இல்லாமல் தொடங்கலாம். Registered என்று இருந்தால் புதிய நிறுவனத்துக்குப் போகும்போது மறுபடியும் ஆவணம் கேட்பார்கள். On Hold என்றால் எதுவும் நடக்காது, காரணத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக வங்கி ஆணை, அதாவது மாண்டேட். மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க நீங்கள் தரும் அனுமதி இது. இணைய வங்கி வழியாகச் செய்தால் சில நாட்களில் பதிவாகும், காகிதத்தில் கொடுத்தால் வாரக்கணக்கில் ஆகலாம். இதில் உச்சவரம்பாக ஒரு தொகை கேட்பார்கள். பல செயலிகள் தாங்களாகவே ஒரு லட்சம் என்று நிரப்பி வைத்திருக்கும். மாதம் 5,000 போடப் போகிறீர்கள் என்றால் வரம்பை 6,000 அல்லது 7,000 என்று மாற்றுங்கள். வரம்பு பெரிதாக இருந்தால் சந்தை கொதிக்கும் ஒரு நாளில் ஒரே தட்டலில் பெரிய தொகையைப் போட்டுவிட முடியும். சிறிதாக வைத்தால் நடுவில் ஒரு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டியிருக்கும், அதற்குள் கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கும்.

3. ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வருட லாபப் பட்டியலைத் திறக்காதீர்கள்

செயலியில் முதலில் கண்ணில் படுவது அந்தப் பட்டியல்தான், வாய்ப்பு போய்விடுமே என்ற பதற்றம் தொடங்குவதும் அங்கேதான். சிறு நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிஃப்டி ஸ்மால்கேப் 100 குறியீடு 2017-ல் 57 சதவீத அளவுக்கு ஏறியது. 2018 ஜனவரியில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் ஸ்மால்கேப் ஃபண்டுகள்தான் உச்சியில் இருந்தன. 2018-ல் அதே குறியீடு 29 சதவீத அளவுக்கு இறங்கியது.

2017 தொடக்கத்தில் 100 ரூபாய் போட்டவரிடம் அந்த வருட முடிவில் 157 இருந்தது, அடுத்த வருட முடிவில் 111. இரண்டு வருடத்தில் அவர் கொஞ்சம் லாபத்தில்தான் இருந்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு 2018 தொடக்கத்தில் வந்தவரின் 100 ரூபாய் 71 ஆனது. ஒரே குறியீடு, ஒரே பங்குகள். ஃபண்டின் பழைய லாபத்தைக் காட்டும் எண் உங்களுக்குக் கிடைக்கப்போகும் லாபத்தைச் சொல்வதில்லை.

புதியவருக்கு ஒரே ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு போதும் என்பது என் முடிவு. அதில் 2020-ஐப் போன்ற பெரிய இறக்கம் ஒன்றைக் கடந்து பார்த்த பிறகு மற்றவற்றை யோசிக்கலாம். ஆவணத்தில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: ஆண்டுச் செலவு விகிதமும் எக்ஸிட் லோடும். வாங்கும்போது முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம், அதாவது ஒரு லட்சத்துக்கு ஐந்து ரூபாய்.

புதிய ஃபண்டு வெளியீட்டில் "பத்து ரூபாய்க்கே யூனிட்" என்று சொல்வார்கள். மலிவு என்று நினைக்காதீர்கள். யூனிட் விலை பத்தாக இருந்தாலும் ஐந்நூறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பங்குகளைச் சந்தை விலைக்குத்தான் வாங்குகிறார்கள். இந்த வெளியீடுகள் சந்தை நன்றாக ஏறிய பிறகே அதிகமாக வருகின்றன என்பதையும் கவனியுங்கள்.

4. எஸ்ஐபி தேதியைச் சம்பளத்தோடு கட்டுங்கள்

எஸ்ஐபி என்பது மாதாமாதம் ஒரே தொகையை ஃபண்டில் போடும் ஏற்பாடு. சம்பளம் ஒன்றாம் தேதி வந்தால் ஐந்தாம் தேதி வையுங்கள். "இந்த மாதம் கொஞ்சம் இறங்கட்டும், அப்புறம் போடலாம்" என்ற எண்ணம் வருவதற்குள் பணம் போயிருக்கும். எந்தத் தேதி லாபம் அதிகம் தரும் என்ற ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம், பத்து வருடக் கணக்கில் அது பெரிய வித்தியாசம் தராது.

கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை திரும்பினால் எஸ்ஐபி-யே ரத்தாகிவிடும். இறக்கத்தின் நடுவில் இப்படி ரத்தானால் மறுபடியும் தொடங்க மனம் வராது, குறைந்த விலையில் வாங்கும் மாதங்கள் கைநழுவிப் போகும். ஆகவே தாங்கக்கூடிய தொகையை வையுங்கள். 10,000 போட்டு ஆறு மாதத்தில் நிறுத்துவதைவிட 4,000 போட்டுத் தொடர்வது மேல்.

5. மொத்தமாகப் பணம் கைக்கு வந்தால்

ஊக்கத்தொகை, நிலம் விற்ற பணம், முதிர்ந்த வைப்பு. பதற்றம் மிக அதிகமாக வேலை செய்யும் இடம் இது. ஒரு கணக்கைப் பாருங்கள்.

இரண்டு லட்ச ரூபாயை 2020 ஜனவரி 14 அன்று நிஃப்டி 12,362-ல் இருந்தபோது மொத்தமாகப் போட்டவரை எடுத்துக்கொள்வோம். மார்ச் 23 அன்று குறியீடு ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. அவருடைய பணம் 1,23,000. அன்று விற்றிருந்தால் நஷ்டம் 77,000. நவம்பர் 9 அன்று நிஃப்டி 12,461. விற்காதவரின் பணம் 2,01,600. விற்றுவிட்டு, "இப்போது நிலைமை தெளிவாகிவிட்டது" என்று நவம்பரில் திரும்பி வந்தவரிடம் இருந்தது அதே 1,23,000தான்.

அதே இரண்டு லட்சத்தை ஜனவரி முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாத இறுதியிலும் 20,000 வீதம் போட்டிருந்தால் நவம்பர் 9 அன்று அது ஏறத்தாழ 2,35,000 ஆகியிருக்கும். (செலவையும் ஈவுத்தொகையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) சந்தை நேராக ஏறிக்கொண்டே போகும் வருடத்தில் தவணை போட்டவர் பின்தங்குவார், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் புதியவருக்குத் தவணையைத்தான் சொல்வேன். மொத்தமாகப் போட்டு மூன்றாவது மாதத்தில் 38 சதவீத இறக்கத்தைப் பார்க்கிறவர் விற்காமல் இருப்பது மிகக் கடினம்.

செய்யும் முறை: பணத்தை முதலில் அதே நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டில் போட்டு, அங்கிருந்து மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றும் எஸ்டிபி ஆணை கொடுங்கள். பத்து அல்லது பன்னிரண்டு மாதம். லிக்விட் ஃபண்டில் முதல் ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறிய எக்ஸிட் லோடு உண்டு என்பதால் முதல் மாற்றத்தை ஒரு வாரம் கழித்து வையுங்கள். நடுவில் சந்தை ஏறினாலும் தவணையைக் கூட்டாதீர்கள்.

6. விற்பதற்கான காரணத்தை வாங்கும் அன்றே எழுதுங்கள்

ஒரு பக்கக் காகிதம் போதும். எதற்கான பணம், எந்த வருடம் வேண்டும், எந்தெந்தக் காரணத்துக்கு விற்பேன் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வீட்டில் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். "தேவைப்படும் வருடம் வந்துவிட்டது", "ஃபண்டின் நோக்கமே மாறிவிட்டது" போன்றவை காரணங்கள். "விலை இறங்கிவிட்டது" என்பது அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

தனிப் பங்கு வாங்குகிறவர்கள் இதை வேறு மாதிரி எழுத வேண்டும். நஷ்ட பயம் எப்போதும் விற்கச் சொல்வதில்லை. பல சமயம் "வாங்கின விலை வரட்டும், விற்றுவிடலாம்" என்று பிடித்து வைக்கச் சொல்கிறது. யெஸ் வங்கிப் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்டது. இறங்க இறங்க, சராசரி விலையைக் குறைக்கிறோம் என்று மேலும் மேலும் வாங்கியவர்கள் ஏராளம். 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி பணம் எடுக்கக் கட்டுப்பாடு விதித்தது, மறுநாள் பங்கு 16 ரூபாய் அளவில் முடிந்தது. அடுத்து வந்த மறுசீரமைப்பில், நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்கில் முக்கால் பாகத்தை மூன்று வருடம் விற்க முடியாமல் பூட்டினார்கள்.

ஐம்பது நிறுவனங்கள் சேர்ந்த குறியீடு விழுந்து எழுந்திருக்கிறது. தனி நிறுவனம் எழாமலே போகலாம். அதனால் தனிப் பங்குக்கான காகிதத்தில், நிறுவனத்தில் என்ன நடந்தால் வாங்கிய விலையைப் பார்க்காமல் வெளியேறுவேன் என்று எழுதுங்கள்: தணிக்கையாளர் நடுவில் விலகினால், காலாண்டுக் கணக்கு தாமதமானால், நிறுவனர்கள் தங்கள் பங்கை அடகு வைப்பது கூடிக்கொண்டே போனால். பிடித்து வைக்கலாமா என்று குழம்பும் நாளில் ஒரு கேள்வி உதவும்: "இந்தப் பங்கு என்னிடம் இல்லை, கையில் ரொக்கம் இருக்கிறது. இன்றைய விலைக்கு வாங்குவேனா?" மாட்டேன் என்றால் விற்க வேண்டியதுதான்.

7. விற்கத் தோன்றும் நாளில் இந்தக் கணக்கைப் போடுங்கள்

ஃபண்டு விற்கும்போது திரையில் பார்த்த விலை கிடைக்காது. பிற்பகல் 3 மணிக்குள் ஆணை கொடுத்தால் அன்றைய சந்தை முடிந்த பிறகு கணக்கிடும் யூனிட் விலையான என்ஏவி, 3 மணிக்குப் பிறகு என்றால் அடுத்த வேலைநாளின் என்ஏவி. 8 சதவீத இறக்கத்தைப் பார்த்து மதியம் தட்டினாலும், மாலையில் எங்கே முடிகிறதோ அந்த விலைதான். காலையில் அவசரப்படுவதால் லாபம் எதுவும் இல்லை, 2.30 வரை பொறுத்திருக்கலாம்.

எக்ஸிட் லோடு பல பங்குச்சந்தை ஃபண்டுகளில் ஒரு வருடத்துக்குள் விற்றால் 1 சதவீதம். எஸ்ஐபி-யில் ஒவ்வொரு தவணைக்கும் இந்த ஒரு வருடம் தனித்தனியாக ஓடும். "தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது" என்று நினைத்து மொத்தமும் விற்றால் கடைசிப் பன்னிரண்டு தவணைக்குப் பிடிப்பார்கள். லாபத்தில் இருக்கும் யூனிட்டுகளுக்கு வரியும் உண்டு. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். அதற்கு மேல் என்றால், நிதியாண்டில் 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம்.

பணம் கைக்கு வர இரண்டு வேலைநாள் ஆகும். 2024 ஜூன் 4 செவ்வாயன்று விற்றவருக்கு வியாழன் பணம் வந்திருக்கும். வெள்ளியன்று சந்தை பழைய இடத்தைத் தாண்டியிருந்தது. "இறங்கினதும் மறுபடி வாங்கிக்கலாம்" என்ற திட்டம் பெரும்பாலும் இந்த இரண்டு நாளில்தான் உடைகிறது.

இவ்வளவுக்கும் பிறகு விற்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், காகிதத்தை எடுத்து அதன் அடியில் புதிய காரணத்தை எழுதி, பத்து நாள் கழித்துப் படியுங்கள். பொறுக்கவே முடியாவிட்டால் நாலில் ஒரு பங்கை மட்டும் விற்று மீதியை விடுங்கள். செயலியின் விலை அறிவிப்புகளை அணைத்து வைப்பதும் பெரிய உதவி. தினமும் பார்த்தால் ஏறக்குறைய பாதி நாள் சிவப்பாகத்தான் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்குச் சிவப்பு குறைவாகவே கண்ணில் படும்.

8. ஏற்கெனவே இறக்கத்தில் விற்றுவிட்டவர்களுக்கு

விற்ற விலைக்குச் சந்தை திரும்ப வரும் என்று காத்திருக்காதீர்கள். வாங்கின விலைக்குக் காத்திருப்பதும் விற்ற விலைக்குக் காத்திருப்பதும் ஒரே பயத்தின் வேலை. ஐந்து வருடத்துக்கு வேண்டாத பணம் என்றால், ஐந்தாம் படியில் சொன்ன எஸ்டிபி வழியாகவே திரும்பி வாருங்கள்.

நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். ஒரு வருடத்துக்குள் விற்ற நஷ்டத்தைக் குறுகிய கால, நீண்ட கால லாபம் இரண்டிலும் கழிக்கலாம். அதற்கு மேல் வைத்திருந்து விற்ற நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். அந்த வருடம் கழிக்க லாபம் இல்லையென்றால் எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம், ஆனால் கணக்கைக் காலக்கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால் மட்டும். ஒரு நாள் தாமதமானாலும் அந்த உரிமை போய்விடும். சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் நஷ்டத்தை முன்னெடுக்க முடியாது. வியாபார வருமானம் இல்லாதவர்கள் ஐடிஆர்-2 போட வேண்டும். அதற்குத் தேவையான மூலதன லாப அறிக்கையை, எல்லா ஃபண்டுகளுக்கும் சேர்த்தே, ஃபண்டுகளின் முதலீட்டுக் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் பான் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்து இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.